பணியாளர் மருத்துவப் பரிசோதனை முடிவுகள்: மேலாளர் எதுவரை பார்க்கலாம், எது மருத்துவரிடமே நிற்க வேண்டும்?

நிர்மலா_மனிதவளம்

எங்கள் நிறுவனத்தில் ஆண்டுதோறும் நடக்கும் மருத்துவப் பரிசோதனையை இந்த முறை வெளி ஆய்வகம் ஒன்றிடம் ஒப்படைத்திருந்தோம். ஏறத்தாழ 140 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்களும், இரைச்சல் மிகுந்த பிரஸ் பிரிவில் வேலை பார்ப்பவர்களும், மேசை வேலை பார்க்கும் அலுவலக ஊழியர்களும் அடக்கம். முடிவுகள் முழுவதையும் ஆய்வகம் ஒரே எக்செல் கோப்பாக எனக்கும் உற்பத்தி மேலாளருக்கும் சேர்த்து மின்னஞ்சலில் அனுப்பிவிட்டது. பெயர், வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, பார்வை, செவித்திறன், உட்கொள்ளும் மருந்துகள், மருத்துவரின் குறிப்பு என வரிசையாகப் பத்துக்கும் மேற்பட்ட பத்திகள் அதில் உள்ளன. வரம்பைத் தாண்டிய எண்கள் சிவப்புக் கட்டத்தில் இருக்கின்றன.

சிவப்புக் கட்டம் உள்ளவர்களின் பட்டியலைத் தனியாகப் பிரித்துத் தருமாறு உற்பத்தி மேலாளர் கேட்கிறார். இரவு ஷிப்டையும் வண்டி ஓட்டும் பொறுப்பையும் அதை வைத்து மாற்றி அமைக்கலாம் என்பது அவருடைய எண்ணம். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. விபத்து நடந்துவிடக் கூடாதே என்றுதான் கேட்கிறார். இந்தப் பத்திகளில் எவற்றை அவருக்குத் தரலாம், எவற்றை நானே பார்த்திருக்கக் கூடாது என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கணக்காயர்

பரிசோதனைக்குப் பணம் கொடுத்தது நிறுவனம். முகாமுக்கு வந்த ஒவ்வொருவரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் போட்டிருப்பார்கள். ஆகவே அறிக்கை நிறுவனத்துக்கு உரியது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எச்.ஐ.வி., கர்ப்பம் போன்ற சிலவற்றை மட்டும் மறைத்துவிட்டு மற்றவற்றைத் துறைத் தலைவர்களுக்குத் தரலாம். அவர்கள் அதை வெளியே பேசாமல் இருந்தால் போதும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இன்று வீட்டுக்கு வீடு இருக்கின்றன. அவற்றில் இரகசியம் என்று என்ன இருக்கிறது?

பணிநல_மருத்துவர்

கணக்காயர் சொன்னதில் ஒரு பாதியை ஒப்புக்கொள்கிறேன். பரிசோதனைக்கு நிறுவனம்தான் செலவு செய்ய வேண்டும். தொழிலாளி செலவழிக்கக் கூடாது. ஆனால் செலவு செய்தவருக்கு முடிவின் எல்லா விவரங்களும் சொந்தமாகிவிடுவதில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1985ஆம் ஆண்டு வெளியிட்ட 171ஆம் எண் பரிந்துரை இதைத் தெளிவாகவே சொல்கிறது. குறிப்பிட்ட ஆபத்து உள்ள வேலைக்குத் தகுதி பார்க்கும் பரிசோதனை முடிந்ததும் மருத்துவர் தம் முடிவை எழுத்து மூலம் தொழிலாளிக்கும் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். அந்த முடிவில் மருத்துவத் தகவல் எதுவும் இடம்பெறக் கூடாது. வேலைக்குத் தகுதி உண்டா, எந்த வகை வேலை, எத்தகைய வேலைச்சூழல் அவருக்கு ஆகாது, அது தற்காலிகமா நிரந்தரமா என்பவற்றை மட்டும் சொல்லலாம் என்பது அதன் சாரம். பரிந்துரை என்பதால் அது தானாகவே சட்டமாகிவிடாது, நாட்டுக்கு நாடு விதிகள் மாறும். ஆயினும் பணிநல மருத்துவத்தில் பெரும்பாலும் பின்பற்றப்படும் எல்லைக்கோடு அதுதான். எச்.ஐ.வி. இரகசியம், சர்க்கரை பொது என்ற பாகுபாடு அதில் இல்லை. நோயின் பெயர், ஆய்வக எண், மருந்தின் பெயர் மூன்றுமே கோட்டுக்கு அப்பால்தான் நிற்கின்றன.

ஒப்புதல் கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகாமின் வாசலில், பின்னால் வரிசை காத்திருக்க, மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போது போடும் கையெழுத்தை விருப்பப்பட்டுத் தந்த ஒப்புதல் என்று நான் எண்ணுவதில்லை. மறுத்தால் வேலைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் இருக்கும் இடத்தில் பொதுப்படையான ஒப்புதலுக்கு மதிப்புக் குறைவு.

நிர்மலா அவர்களின் கோப்பில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இரண்டு வேறு பரிசோதனைகள் ஒரே தாளில் கலந்துவிட்டன. பிரஸ் பிரிவினருக்குச் செவித்திறனும் ஓட்டுநர்களுக்குப் பார்வையும் பார்ப்பது, வேலையில் உள்ள ஆபத்துக்காகச் செய்யப்படுவது. அங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தகுதி முடிவு உண்டு. மேலாளருக்கு அந்த முடிவு போகத்தான் வேண்டும். அலுவலக ஊழியர்களுக்குக் கொழுப்பும் சர்க்கரையும் பார்ப்பது பொது நலனுக்காக, அவர்களாகவே விரும்பிச் செய்துகொள்வது. அதில் தகுதி, தகுதியின்மை என்ற பேச்சே எழாது. கணக்கு எழுதும் ஒருவருடைய கொழுப்பு எவ்வளவு என்பதிலிருந்து மேலாளர் எடுக்கக்கூடிய முடிவு என்ன? ஒன்றும் இல்லை. ஆகவே அந்தப் பகுதியிலிருந்து தனிநபர் விவரம் எதுவும் நிறுவனத்துக்குப் போகக் கூடாது. பெயரில்லாத தொகுப்பு எண்ணிக்கை மட்டும் போகலாம்.

சிவப்புக் கட்டம் என்பது ஆய்வகத்தின் அளவு வரம்பு. அதற்கும் வேலைத் தகுதிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. முகாமின் சந்தடியில் ஒரே ஒரு முறை எடுத்த இரத்த அழுத்தம் 160/100 என்று வந்தால், நான் அவரைச் சற்று நேரம் அமரவைத்து மீண்டும் பார்ப்பேன், வேறொரு நாளும் வரச் சொல்வேன். மேலாளரோ அந்த எண்ணைப் பார்த்த கணமே ஷிப்டை மாற்றிவிடுவார். இரகசியம் காப்பது ஒருபுறம் இருக்கட்டும், அந்தப் பட்டியலைக் கொண்டு எடுக்கும் முடிவே பிழையாகத்தான் இருக்கும்.

விடுப்பு_வேண்டி

எனக்கும் இதே பிரச்சினை. மூன்று நாள் மருத்துவ விடுப்பு எடுத்தேன். மருத்துவச் சான்றில் என்ன நோய் என்று எழுதவில்லை என மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார். நோயின் பெயரை நான் எழுதித்தான் ஆக வேண்டுமா? நிறுவன மருத்துவர் என்னை வரவழைத்து உண்மையிலேயே காய்ச்சலா என்று சோதிப்பாரா?

பணிநல_மருத்துவர்

இழையில் பேசிக்கொண்டிருப்பது பரிசோதனை முடிவைப் பற்றி. உங்களுடையது விடுப்புச் சான்று. நோயின் பெயரை எழுத வேண்டுமா என்பது உங்கள் நாட்டு விடுப்பு விதியையும் வேலை ஒப்பந்தத்தையும் பொறுத்தது. இரண்டாவது கேள்விக்கு மட்டும் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1985ஆம் ஆண்டு 161ஆம் எண் உடன்படிக்கையின் 15ஆம் பிரிவு, பணிக்கு வராததற்கான காரணம் உண்மையா என்று சரிபார்க்கும் வேலையைப் பணிநல மருத்துவப் பிரிவினரிடம் நிறுவனம் சுமத்தக் கூடாது என்கிறது. விடுப்பைத் துருவிப் பார்ப்பவர் என்ற பெயர் மருத்துவருக்கு ஒரு முறை வந்துவிட்டால், அதன் பிறகு பரிசோதனைக்கு வருபவர்கள் எதையும் உண்மையாகச் சொல்ல மாட்டார்கள்.

ஷெட்_பாதுகாப்பு

நான் பாதுகாப்பு அலுவலர். டாக்டர் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, களத்தில் அது போதாது. பிரஸ் பிரிவில் யாருடைய காது கெட்டுக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாவிட்டால் நான் எதைத் திருத்துவது? இரைச்சல் 85 டெசிபெலைத் தாண்டும் இடங்கள் எவை என்று அளந்து வைத்திருக்கிறேன், காதடைப்பான் கொடுத்திருக்கிறேன். ஆனால் அடைப்பான் சரியாகப் பொருந்துகிறதா, மறைப்புச் சுவர் வேலை செய்கிறதா என்பதை செவித்திறன் சோதனையின் வரைபடமான ஆடியோகிராம்தான் கடைசியில் காட்டும். 4000 ஹெர்ட்ஸில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நானும் படித்துப் பார்க்கத் தெரிந்தவன்தான். அதை எனக்கு மறைப்பது தொழிலாளியின் காதுக்குச் செய்யும் துரோகம் இல்லையா?

பணிநல_மருத்துவர்

வாதத்தில் நியாயம் இருக்கிறது. இரைச்சல், ஈயம் போன்ற சில ஆபத்துகளில் சில நாட்டு விதிகள் தனிநபர் அளவுகளையே நிறுவனம் பதிந்து வைக்க வேண்டும் என்று கட்டளையிடுகின்றன என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அப்படி விதி உள்ள இடத்தில் விதிப்படி நடக்க வேண்டியதுதான். அங்கேயும் அந்தப் பதிவு யாருடைய பொறுப்பில், எந்த அலமாரியில் இருக்கிறது என்பது முக்கியம். உற்பத்தி மேலாளரின் மேசைக்கு அது வரத் தேவையில்லை.

விதி அப்படிக் கட்டாயப்படுத்தாத இடத்தில் உங்களுக்குத் தேவைப்படுவது என்ன என்று பிரித்துப் பாருங்கள். பிரஸ் பிரிவின் எந்த வரிசையில் செவித்திறன் குறைவு கூடுதலாக இருக்கிறது, சென்ற ஆண்டைவிட அது ஏறியிருக்கிறதா, எந்த வகை அடைப்பான் அணிபவர்களிடம் கூடுதலாக இருக்கிறது என்பவைதான். இவற்றை நான் பெயர் இல்லாமல் எழுதித் தர முடியும், தருகிறேன். குறிப்பிட்ட ஒருவருக்கு உடனே ஏதாவது செய்ய வேண்டியிருந்தால், ‘இவருக்கு அடைப்பான் பொருந்துகிறதா என்று இந்த வாரமே சரிபார்க்கவும், மறுபரிசோதனை வரை மூன்றாம் எண் பிரஸ்ஸில் அமர்த்த வேண்டாம்’ என்று தகுதிச் சீட்டில் எழுதுவேன். நீங்கள் செய்ய வேண்டிய காரியம் முழுவதும் அந்த இரண்டு வரியில் இருக்கிறது. அவருடைய செவி எத்தனை டெசிபெல் இறங்கியிருக்கிறது என்பது உங்கள் கையில் இருக்கும் திருப்புளியை எந்தப் பக்கமும் திருப்பப் போவதில்லை.

ஆடியோகிராமைப் படிக்கத் தெரியும் என்றீர்கள். பரிசோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரமாவது அவர் இரைச்சலிலிருந்து விலகியிருந்தாரா என்பது அந்தத் தாளில் இருக்காது. ஷிப்ட் முடிந்து நேராக வந்து அமர்ந்தவருக்குத் தற்காலிகமாக இறங்கிய செவித்திறனும் நிரந்தரக் குறைவு போலவே பதிவாகும். சளியும் காதில் அடைந்த மெழுகும் தாளைக் கெடுக்கும். அவற்றையெல்லாம் அவரிடம் கேட்ட பிறகே நான் முடிவு எழுதுகிறேன். அந்த உரையாடல் நடக்க வேண்டுமென்றால் அது வெளியே போகாது என்ற நம்பிக்கை அவருக்கு வேண்டும்.

இரவு_ஷிப்ட்

நான் ஓட்டுநர். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பரிசோதனையில் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். இன்சுலின் போட்டுக்கொள்கிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அடுத்த வாரம் வந்த தாளில் ‘சர்க்கரை நோய், இன்சுலின், ஃபோர்க்லிஃப்ட் கூடாது’ என்று எழுதியிருந்தது. அந்தத் தாள் ஷிப்ட் பொறுப்பாளரின் மேசையில் திறந்தே கிடந்தது. இரண்டு நாளில் ஷெட் முழுவதும் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு வேளையில் என் தட்டை எட்டிப் பார்த்து அறிவுரை சொல்லாத ஆள் இல்லை. வண்டியிலிருந்து இறக்கி சரக்கு எண்ணும் வேலைக்கு அனுப்பினார்கள், ஓட்டுநர் படியும் போயிற்று. எனக்கு ஒரு தடவைகூடத் தலைசுற்றல் வந்ததில்லை. அங்கே என்னுடன் வேலை பார்த்த இன்னொருவரும் இன்சுலின்தான். என் கதையைப் பார்த்த பிறகு அவர் அடுத்த பரிசோதனையில் வாயே திறக்கவில்லை.

பணிநல_மருத்துவர்

உங்கள் நிகழ்வையே எடுத்துக்கொண்டு ஒரு சீட்டு எப்படி எழுதப்பட வேண்டும் என்று காட்டுகிறேன்.

இன்சுலின் போடும் ஓட்டுநர் என்றதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சர்க்கரை இறங்கும்போது அது அவருக்கே தெரிகிறதா என்பது. வியர்வை, நடுக்கம், பசி என்று உடல் முன்கூட்டியே எச்சரிப்பவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஏதாவது சாப்பிடுவார். அந்த எச்சரிக்கை மங்கிப்போனவர் வண்டியின் மேலேயே தடுமாறிவிடுவார். ஆபத்து இரண்டாமவரிடம்தான் அதிகம். இந்த வேறுபாடு நோயின் பெயரிலும் தெரியாது, மூன்று மாதச் சராசரி எண்ணிலும் தெரியாது. சில வேளை அந்த எண் மிக நன்றாக இருப்பவருக்கே அடிக்கடி சர்க்கரை இறங்கும். எனவே அண்மையில் பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை இறங்கியதுண்டா என்று கேட்பேன். அவருடைய சர்க்கரை அளவியில் 70க்குக் கீழே வந்த பதிவுகளைப் பார்த்து, அப்போது எதை உணர்ந்தார் என்று விசாரிப்பேன். அவருக்கு வழக்கமாகச் சிகிச்சை தருபவரிடம் அவர் சம்மதத்தோடு பேசுவேன்.

எச்சரிக்கையை நன்றாக உணர்பவர், வண்டி ஏறும் முன் அளந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர் என்றால், நான் முதலில் எழுதத் தோன்றும் சீட்டு இப்படி இருக்கும்:

> தகுதி உண்டு, நிபந்தனையுடன். உணவு நேரம் தவறக் கூடாது. வண்டியில் ஏறும் முன் இரத்தச் சர்க்கரை பார்க்க நேரம் தர வேண்டும்.

நோயின் பெயர் இல்லை, ஆனாலும் படிக்கும் எவரும் ஒரு நொடியில் ஊகித்துவிடுவார்கள். இதைக் கிழித்துவிட்டு இப்படி எழுதுவேன்:

> பெயர், பணியாளர் எண், பணி: ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுதல்.
> முடிவு: தகுதி உண்டு, நிபந்தனையுடன்.
> நிபந்தனை: ஷிப்ட் நேரமும் இடைவேளை நேரமும் முன்கூட்டியே உறுதி செய்யப்பட வேண்டும். ஓட்டுநர் கேட்கும்போது வண்டியை நிறுத்திச் சில நிமிட இடைவேளை எடுக்க அனுமதிக்க வேண்டும்.
> அடுத்த மதிப்பீடு: ஆறு மாதத்தில்.

மேலாளர் செய்ய வேண்டியவை எல்லாம் இதில் உள்ளன. இடைவேளையில் அவர் என்ன செய்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம். எதையும் ஊகிக்கவே முடியாத சீட்டை எழுதிவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன்; நிபந்தனை இருக்கிறது என்பதே ஒரு தகவல்தான். அதனால்தான் கொடுப்பதற்கு முன் சீட்டை அவரிடமே காட்டி, இந்தச் சொற்கள் சரிதானா என்று கேட்கிறேன். சில நேரம் அவரே நல்ல சொல்லைத் தருவார்.

எச்சரிக்கை மங்கியவர் என்றால் அன்றே ஷிப்ட் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, ‘இன்று முதல் மறு அறிவிப்பு வரை இவர் வண்டி ஓட்டத் தற்காலிகமாகத் தகுதியில்லை’ என்று சொல்லிவிட்டு எழுத்திலும் அனுப்புவேன். பிறர் உயிருக்கு ஆபத்து இருக்கும்போது முடிவைத் தாமதிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் முடிவைச் சொல்லக் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஏன் என்று பொறுப்பாளர் கேட்பார், கேட்காதவரை நான் பார்த்ததில்லை. மருத்துவக் காரணம் என்பதே பதில்.

ஷெட்டில் மயங்கி விழுந்தால் முதலுதவியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். தெரிந்திருப்பது நல்லது. ஓட்டுநரின் சம்மதத்தோடு, அந்த ஷிப்டின் முதலுதவியாளர் ஒருவரிடம், என்ன கொடுக்க வேண்டும் என்ற அளவில் சொல்லலாம். அந்தச் செய்தி மேலாளர் வழியாகப் போகக் கூடாது.

கணக்காயர்

ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. ஓட்டுநர் மருத்துவரிடமே பொய் சொன்னால்? இரவு_ஷிப்ட் குறிப்பிட்ட இன்னொருவர் அப்படித்தானே செய்திருக்கிறார்? அப்போது உங்கள் இரகசியம் யாரைக் காப்பாற்றுகிறது?

இரவு_ஷிப்ட்

அவர் பொய் சொல்லக் காரணமே என் தாள் மேசையில் கிடந்ததுதான் ஐயா.

நிர்மலா_மனிதவளம்

டாக்டருக்கு நன்றி. ஆய்வகத்திடம் பேசினேன். அவர்களிடம் பணிநல மருத்துவர் என்று யாரும் இல்லை; முகாமுக்கு வந்த பொது மருத்துவர் எழுதிய குறிப்பைத்தான் தட்டச்சு செய்திருக்கிறார்கள். இனித் தகுதிச் சீட்டு எழுத எங்களுக்கென ஒரு பணிநல மருத்துவரை அமர்த்தி, ஆய்வகம் முடிவுகளை அவருக்கு மட்டுமே அனுப்பும்படி ஒப்பந்தத்தைத் திருத்தக் கேட்டிருக்கிறேன். இப்போது கையில் உள்ள கோப்பை என்ன செய்வது? உற்பத்தி மேலாளர் அதைத் தம் கணினியில் ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கிறார்.

அஞ்சல்_நிர்வாகி

நான் கணினிப் பிரிவில் இருப்பவன். உடனே அழித்துவிடாதீர்கள். முதலில் யார் யாருக்கு எப்போது போயிற்று, யார் திறந்தார்கள், யாருக்கு மறுபடி அனுப்பினார்கள் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் நிறுவனத்தில் தரவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் தெரிவியுங்கள். இத்தகைய கசிவை ஒழுங்குமுறை அமைப்புக்குக் குறுகிய காலக்கெடுவுக்குள் அறிவிக்க வேண்டும் என்று பல நாடுகளின் சட்டங்கள் சொல்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் கசிவு தெரியவந்ததிலிருந்து 72 மணி நேரம். அந்தப் பதிவு முடிந்த பிறகு, மூலக் கோப்பைப் பணிநல மருத்துவரின் பொறுப்புக்கு மாற்றிவிட்டு மற்றப் பிரதிகளை அழிக்கலாம். பெறும் பெட்டி, அனுப்பிய பெட்டி, பதிவிறக்கக் கோப்புறை, கைபேசி, பகிர்வு இயக்ககம் என்று பிரதிகள் சிதறிக் கிடக்கும். காப்புப் பிரதியிலிருந்து ஒரே ஒரு மின்னஞ்சலை எடுப்பது நடைமுறையில் கடினம். அதன் சுழற்சிக் காலம் முடிந்து தானாக அழியும் வரை யாரும் அதை மீட்டெடுக்கக் கூடாது என்று குறிப்பு எழுதிவைப்பதே நாங்கள் செய்வது.

இன்னொன்றையும் டாக்டரிடம் கேட்க விரும்புகிறேன். நிறுவன மருத்துவரின் பதிவுகள் நிறுவனத்தின் சர்வரிலேயே இருக்கின்றன. நிர்வாகி என்ற முறையில் நான் நினைத்தால் எந்தக் கோப்பையும் திறக்க முடியும். இதற்கு என்ன வழி?

பணிநல_மருத்துவர்

திறந்தவர் யார் என்று பதியும் முறை இருக்க வேண்டும், அந்தப் பதிவை மருத்துவர் பார்க்க முடிய வேண்டும். மருத்துவக் கோப்புகளின் திறவுகோல் மருத்துவரிடமே இருக்கும்படி மறையாக்கம் செய்வது அதைவிட நல்லது. பல இடங்களில் இரண்டும் இல்லை என்பதே உண்மை நிலை.

ஷெட்_பாதுகாப்பு

பெயரில்லாத தொகுப்பைத் தருவதாகச் சொன்னீர்கள். என் மூன்றாம் எண் வரிசையில் ஆறு பேர்தான். ‘ஆறில் ஐவருக்குக் குறைவு’ என்று எழுதினால் பெயர் எழுதியது போலத்தான். அப்படியென்றால் அங்கே எனக்கு ஒன்றுமே கிடைக்காதா?

பணிநல_மருத்துவர்

பத்துப் பேருக்குக் குறைவான குழுவுக்கு நான் எண்ணிக்கை தருவதில்லை. குழுவில் ஐந்து பேர் இருந்தாலே தருபவர்களும் உண்டு. ஆறு பேர் உள்ள வரிசையைப் பக்கத்து வரிசையோடு சேர்த்துக் காட்டினால் உங்கள் தடயம் கரைந்துவிடும், தனியாகக் காட்டினால் ஆட்கள் தெரிந்துவிடுவார்கள். இதில் நான் கடைப்பிடிப்பது, எண் எதுவும் தராமல், ‘மூன்றாம் எண் வரிசையின் இரைச்சல் கட்டுப்பாட்டை முன்னுரிமை கொடுத்து மீண்டும் அளக்கவும்’ என்று மட்டும் எழுதுவது. என் தோழர்கள் சிலர் அதுவே கசிவுதான் என்கிறார்கள். அந்த ஆறு பேரையும் அமரவைத்து, தொகுப்பைத் தரலாமா என்று அவர்களிடமே கேட்கலாம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். ஒருவர் மறுத்தால் மற்ற ஐவரும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால் எனக்கு அதில் முழு மனது இல்லை.

நிர்மலா_மனிதவளம்

மறுபரிசோதனைக்கு அழைத்தும் வராதவர்களின் பெயரை மேலாளருக்குச் சொல்லலாமா? வேலை நேரத்தில் அனுப்ப வேண்டியவர் அவர்தானே.

பணிநல_மருத்துவர்

‘வியாழன் காலை பத்து மணிக்கு மருத்துவப் பிரிவில் இவருக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, விடுவிக்கவும்’ என்று சொல்லலாம். எந்தப் பரிசோதனை, எந்தச் சிறப்பு மருத்துவர் என்பது வேண்டாம். இதய மருத்துவர் என்ற சொல் ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும், நோயின் பெயரைச் சொல்லவே தேவையில்லை. வேலை ஆபத்துக்கான மறுபரிசோதனைக்கு அவர் வரவில்லை என்றால், ‘மதிப்பீடு முடியவில்லை, தகுதி முடிவு தர இயலவில்லை’ என்று எழுதுவேன். முடிவு வரும் வரை அவரை அந்த வேலையில் வைப்பதா என்பது மேலாளரின் பொறுப்பு. விரும்பிச் செய்துகொண்ட சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைக்கு என்றால், வராதவரின் பெயரை நான் யாருக்கும் சொல்வதில்லை. அவருக்கே ஒரு முறை நினைவூட்டல் அனுப்புவேன்.

ஷெட்_பாதுகாப்பு

மூன்றாம் எண் வரிசையை இந்த வாரம் மீண்டும் அளக்கிறேன். அதற்கு யாருடைய ஆடியோகிராமும் வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் அளவு 85க்குக் கீழே வந்து, காது மட்டும் தொடர்ந்து கெட்டுக்கொண்டிருந்தால் மறுபடியும் இங்கேதான் வந்து கேட்பேன் டாக்டர்.